ஒரே வாயில் இரண்டு கேப்: ஒன்று மூன்று மணி நேரத்தில், மற்றொன்று பதினெட்டு நாளில்

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மதுரைக்கு வந்து சிகிச்சை பெற்ற 48 வயதுப் பெண். ஜவுளிக்கடையில் வேலை. கீழ்த்தாடையில் இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு வேர் சிகிச்சை முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது: வலப்பக்கம் முதல் கடைவாய்ப் பல் (46), இடப்பக்கம் இரண்டாம் கடைவாய்ப் பல் (37). இரண்டிலும் குழியைக் காம்போசிட்டால் நிரப்பிக் கட்டியாகிவிட்டது. பாக்கி கேப் மட்டும்தான்.

"ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல முடிச்சு விட்டுருங்க டாக்டர், திரும்பத் திரும்ப லீவு கேக்க முடியல" என்பதுதான் அவர் வைத்த ஒரே கோரிக்கை.

ஒரே நாளில் இரண்டு பக்கமும் செய்யாததற்குக் காரணம் நேரம் அல்ல, கடி. இருபுறமும் கடைவாய்ப் பற்களைச் செதுக்கிவிட்டால், வாயை மூடும்போது தாடை எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று காட்ட நம்பகமான பற்கள் குறைந்துவிடும். ஒரு பக்கம் செதுக்கும்போது மறுபக்கம் தொடாமல் இருந்தால், அந்தப் பக்கமே உயரத்தைக் காத்துக் கொடுக்கும். ஆகவே முதலில் 46, அது முடிந்து ஒரு வாரம் கழித்து 37 என்று முடிவானது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டுப் போகலாம். 'டிஜிட்டல் கேப்' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு விஷயங்கள் புழங்குகின்றன. வாய்க்குள் ஸ்கேனரால் அளவு எடுப்பது ஒன்று. கேப்பை இயந்திரத்தில் அரைத்துச் செய்வது இன்னொன்று. அளவு எடுப்பது, அரைப்பது, ஒட்டுவது எல்லாம் ஒரே வருகையில் நடப்பது மூன்றாவது. ஸ்கேன் செய்த கோப்பை லேபுக்கு அனுப்பி நான்கைந்து நாளில் கேப் வாங்குவதும் உண்டு. பழைய முறையில் பசை வைத்து அளவெடுத்து அனுப்பினாலும், இன்று லேபில் அதில் கல் மாவு ஊற்றி வார்த்த மாதிரியை மேசை ஸ்கேனரில் வைத்து ஸ்கேன் செய்து ஜிர்கோனியா என்ற கடினமான செராமிக்கை இயந்திரத்தில்தான் அரைக்கிறார்கள். ஆக, இந்த நிகழ்வில் ஒப்பிட வேண்டியது கைவேலையையும் இயந்திரத்தையும் அல்ல. கேப்பும் பல்லும் சந்திக்கும் விளிம்பை ஒளியால் பிடித்தோமா, பசையால் பிடித்தோமா என்பதையும், கேப் எந்த அடுப்பில் வெந்தது என்பதையும்தான்.

46: ஒரே வருகை

இந்தப் பல் ஒரே வருகைக்கு ஏற்ற பல். செதுக்கிய பிறகு விளிம்பு சுற்றிலும் ஈறுக்கு அரை மி.மீ. மேலே நின்றது. பக்கச் சுவரின் உயரம் 4 மி.மீ.க்குச் சற்று மேல். கடிபரப்பில் 1.5 மி.மீ., விளிம்பில் 1 மி.மீ. எடுக்கப்பட்டது. தேர்ந்த பொருள் லித்தியம் டைசிலிகேட் என்ற செராமிக்.

செதுக்குவதில் பழைய முறைக்கும் இதற்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று. இங்கே மூலைகள் எல்லாம் மழுங்கியிருக்க வேண்டும். அரைக்கும் இயந்திரத்தில் சுழன்று குடையும் மெல்லிய பர்ரின் முனையே ஏறக்குறைய 1 மி.மீ. விட்டம் இருக்கும். பல்லில் அதைவிடக் கூரான முனை இருந்தால், கேப்பின் உட்புறத்தில் அந்த முனைக்கு ஏற்ற ஒடுங்கிய பள்ளத்தைப் பர் அரைக்க முடியாது. கேப் உட்காராமல் போகக்கூடாது என்பதற்காக மென்பொருள் அந்த இடத்தை அகலமாகக் குடைந்துவிடும். கேப் சிக்கலில்லாமல் உட்காரும், பார்க்க நன்றாகவும் இருக்கும். ஆனால் உள்ளே வெற்றிடம், அதில் தடித்த சிமெண்ட், மேலே மெலிந்த செராமிக். பல மாதம் கழித்து முகட்டில் விரிசல் விழும்போது பழி பொருளின் மேல் போகும்.

ஸ்கேன், கீழ் வலது கால் பகுதி, அதற்கு எதிரேயுள்ள மேல் பகுதி, பிறகு கன்னப் பக்கத்திலிருந்து கடி என்று மூன்று கட்டமாக நடந்தது. கீழே கடிபரப்பில் தொடங்கி, நாக்குப் பக்கம் சரிந்து, கன்னப் பக்கம் வழியாகத் திரும்ப வேண்டும். ஸ்கேனர் சின்னச் சின்னப் படங்களை ஒன்றோடொன்று தைத்துத்தான் முழுப் பல்வரிசையை உண்டாக்குகிறது. ஒவ்வொரு தையலிலும் சிறு பிழை சேரும். கால் பகுதிக்குள் அந்தப் பிழை பொருட்டில்லை, முழுத் தாடைக்குப் போனால் கூடிவிடும். ஒற்றைக் கேப்புக்கு முழு வாயையும் ஸ்கேன் செய்து பெருமைப்பட ஒன்றுமில்லை.

முதல் கடி ஸ்கேனில் பிழை இருந்தது. திரையில் கேப்பின் இடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள பற்கள் மேல் பற்களைத் தொடாமல் நின்றன. வெகுநேரம் வாய் திறந்திருந்ததில் தாடை களைத்து, அவர் பற்களை முழுதாகக் கடிக்கவில்லை. இதைக் கவனிக்காமல் அரைத்திருந்தால், திரையில் தெரிந்த அந்த இடைவெளி முழுவதையும் கேப் நிரப்பி, வாயில் உயரமாக வந்திருக்கும். பக்கத்துப் பல்லில் மெல்லிய தகடு கடியில் சிக்குகிறதா என்று வாயில் பார்த்து, அதே பல் திரையிலும் தொடுகிறதா என்று ஒப்பிட்டால் போதும். ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து, "நல்லா இறுக்கிக் கடிங்கம்மா" என்று சொல்லி எடுத்த இரண்டாவது ஸ்கேன் சரியாக வந்தது.

வடிவமைப்புக்கு 15 நிமிடம். சிமெண்டுக்கு விட்ட இடைவெளி 80 மைக்ரான். தண்ணீர் பாய்ச்சி அரைத்ததில் இன்னொரு 15 நிமிடம். இயந்திரத்திலிருந்து வெளிவரும்போது கேப் ஊதா கலந்த நீல நிறத்தில் இருக்கும். அந்த நிலையில் பொருள் மென்மையானது, பாதி வலுகூட இருக்காது. அப்போது பல்லில் வைத்துப் பார்க்கலாம், பக்கத்துப் பல்லோடு தொடும் இடத்தை ஃபிளாசால் சோதிக்கலாம், லேசாகத் தேய்க்கலாம். ஓங்கிக் கடிக்கச் சொல்லக்கூடாது. பிறகு ஏறத்தாழ 840 டிகிரி செல்சியஸில், மெருகோடு சேர்த்து 25 நிமிடம் அடுப்பில் வைத்தால் உள்ளே படிகங்கள் வளர்ந்து, நிறம் பல் நிறமாக மாறும், வலுவும் ஏறும். இதில் சுருக்கம் மிகச் சொற்பம் என்பதால் வைத்துப் பார்த்த பொருத்தம் மாறாது. அடுப்பும் அரைக்கும் இயந்திரமும் யு.பி.எஸ்.ஸில் ஓடுவது நம் ஊரில் வசதிக்காக அல்ல. பாதி அரைத்த செராமிக் பிளாக்கை எடுத்து வைத்துக்கொண்டு கரண்ட் வரும்வரை நோயாளியை உட்கார வைக்க முடியாது.

ஒட்டும்போது எச்சில் படாமல் பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற விரிப்பு கட்டப்பட்டது. கேப்பின் உட்புறத்தில் 5 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் 20 விநாடி, நன்றாகக் கழுவி உலர்த்தி, செராமிக்கையும் ரெசினையும் பிணைக்கும் சிலேன் 60 விநாடி, அதன் மேல் ரெசின் சிமெண்ட். வழிந்த சிமெண்டை இரண்டு விநாடி மட்டும் ஒளி காட்டி, ரப்பர் போல் ஆனதும் உரித்தெடுத்தாகிவிட்டது. முழுதாக இறுகவிட்டால் பற்களுக்கு நடுவே கல்லாகிவிடும்.

நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து எழுந்தது வரை 2 மணி 50 நிமிடம். விளம்பரங்களில் வரும் 'ஒரு மணி நேரத்தில் கேப்' என்பது செதுக்குவதையும் அடுப்பையும் ஒட்டுவதையும் கணக்கில் சேர்க்காத நேரம்.

37: ஸ்கேன் ஏமாற்றிய இடம்

ஒரு வாரம் கழித்து அதே முறையை 37-க்கும் தொடங்கியபோதுதான் கதை மாறியது. இந்தப் பல்லின் பின்புறத்தில் பழைய சொத்தை ஈறுக்குக் கீழே 1 மி.மீ. போயிருந்தது. அங்கே முன்பு அடைத்த பொருள் உதடுபோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் உணவு தங்கி, ஈறு வீங்கி, தொட்டாலே ரத்தம் கசிந்தது. அதை இழைத்து எடுத்த பிறகும் அன்றைக்கு ஈறு ஆறியதாக இல்லை. வாய் திறப்பு முன்பற்களுக்கிடையே 34 மி.மீ. தான். வரிசையில் கடைசிப் பல் என்பதால் ஸ்கேனர் தலையைப் பின்னால் சாய்க்க இடமே இல்லை.

ஸ்கேனர் தான் பார்ப்பதை மட்டுமே பதியும். ரத்தம் ஒரு துளி விளிம்பின் மேல் நின்றால், அது அந்தத் துளியின் மேற்பரப்பைப் பல் என்று எழுதிக்கொள்ளும். எட்டாத இடத்தில் ஓட்டை விழுந்தால் சில மென்பொருள்கள் தாமே நிரப்பியும் விடும். திரையில் வண்ணப் படம் அழகாகத் தெரிந்தது. வெள்ளைப் பல், சிவந்த ஈறு, நடுவே ஒரு கோடு. அந்த வண்ணம்தான் கண்ணை ஏமாற்றியது. வண்ணத்தை அணைத்துச் சாம்பல் நிற மாதிரியாகப் பார்த்தால் கன்னப் பக்கம் விளிம்பு கத்தி வைத்தது போல் இருந்தது. பின்புறத்தில் 3 மி.மீ. நீளத்துக்கு உருகிய மெழுகுபோல் வழிந்து மழுங்கியிருந்தது. அந்தச் சோதனை அன்று அரைத்த பிறகுதான் செய்யப்பட்டது. முன்னால் செய்திருந்தால் ஒரு பிளாக் மிஞ்சியிருக்கும்.

விளிம்புக் கோட்டை அந்த 3 மி.மீ.க்கு ஊகத்தில் வரைந்து அரைத்த கேப், மற்ற மூன்று பக்கமும் நன்றாகவே உட்கார்ந்தது. பின்புறத்தில் எக்ஸ்புளோரர் என்ற கூர்க்கருவியின் முனை பல்லிலிருந்து கேப்புக்கு ஏறும்போது தடுக்கி, இடைவெளிக்குள் இறங்கியது. கடிநிலை எக்ஸ்ரேயில் அங்கே ஒரு கருங்கோடு. கேப்பின் விளிம்பில் 120 மைக்ரான் வரை இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது 1971-இல் மெக்லீனும் ஃபான் ஃபிரான்ஹோஃபரும் எழுதியதிலிருந்து பல் மருத்துவத்தில் வழங்கிவரும் எல்லை. கருவியின் முனை உள்ளே இறங்கி, எக்ஸ்ரேயிலும் கோடு தெரியும் இடைவெளி அதற்குள் அடங்காது. அந்த கேப் ஒதுக்கப்பட்டது.

பின்புற இடைவெளியைச் சிமெண்டால் நிரப்பி ஒட்டிவிடலாமே என்ற எண்ணம் வராமல் இராது. வழிந்த சிமெண்ட் அந்த இடைவெளியை மூடி அன்றைக்கு வழுவழுப்பாகத் தெரியும். ஈறுக்குக் கீழே ஈரம் அடங்காத இடத்தில் ரெசின் சரியாக ஒட்டாது. அந்தச் சிமெண்ட் கரைந்தும் உதிர்ந்தும் போக, கீழே சொத்தை தொடங்கும். வேர் சிகிச்சை முடிந்த பல்லில் வலி வராது என்பதால் சொத்தை ஆழம் போன பிறகுதான் தெரியவரும்.

பல்லின் நிலையையே மறுபடி யோசிக்க வேண்டியிருந்தது. சுவரின் உயரம் 3 மி.மீ. தான். கடைவாய்ப் பல்லில் கேப் தானாகப் பிடித்து நிற்க 4 மி.மீ. வேண்டும். உயரம் குறைந்தால் ரெசினால் ஒட்டித் தாங்கவைக்கலாம்; ஆனால் ரெசினுக்கு ஈரமில்லாத விளிம்பு வேண்டும், அது இங்கே இல்லை. இதற்கு விடையாக முழு ஜிர்கோனியா கேப் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்குக் கடிபரப்பில் 1 மி.மீ. எடுத்தால் போதும் என்பதால், ஏற்கெனவே 1.5 மி.மீ. எடுத்திருந்த காம்போசிட் மையத்தை அரை மி.மீ. உயர்த்திக் கட்ட முடிந்தது. கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் ஒவ்வொரு பள்ளம் வெட்டி, கேப் சுழன்று கழலாதபடி பிடிப்பு கூட்டப்பட்டது. விளிம்பிலிருந்து எலும்பு 3 மி.மீ. தள்ளி இருந்ததால் ஈறு அறுவை தேவைப்படவில்லை. தற்காலிக கேப்பின் பின்புற விளிம்பை நன்றாக மெருகேற்றி வைத்து, ஈறு ஆற 11 நாள் விடப்பட்டது. உண்மையில் அளவைச் சரியாக்கியதில் பாதிப் பங்கு இந்த 11 நாளுக்குத்தான். ரத்தம் கசியும் ஈறில் பசையும் தோற்றிருக்கும்.

பசையில் அளவு

12-ஆம் நாள் ஈறு வெளிர் இளஞ்சிவப்பாக இருந்தது. ஈறைப் பல்லிலிருந்து விலக்கி வைக்கும் நூல்தான் கார்டு; இங்கே இரண்டு கார்டு முறை. மெல்லிய கார்டு முதலில் அடியில் உட்கார்ந்து அங்கேயே இருக்கும். அதற்கு மேல் தடித்த கார்டு, அலுமினியம் குளோரைடில் நனைத்தது. ஐந்து நிமிடம் காத்து, தடித்த கார்டை ஈரப்படுத்தி எடுக்க வேண்டும். காய்ந்த கார்டை இழுத்தால் ஈறின் உட்தோலும் சேர்ந்து பிய்ந்து, அடக்கிய ரத்தம் திரும்பி வரும். கார்டு வெளியே வந்ததும் ஈறு மூடத் தொடங்கிவிடும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே 0.2 மி.மீ. இடமாவது இல்லாவிட்டால், உள்ளே போகும் லைட் பாடி என்ற இளகிய பசை காகிதம்போல் மெலிந்து, அளவை வெளியே எடுக்கும்போது கிழிந்துவிடும். ஆகவே கார்டு வருவதும் லைட் பாடி இறங்குவதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும்.

இங்கேதான் பசைக்கு ஸ்கேனரிடம் இல்லாத வசதி. அது பார்க்கத் தேவையில்லை. மேலே வைக்கும் புட்டி என்ற கெட்டிப் பசையின் அழுத்தத்தில் லைட் பாடி பின்புற வளைவைச் சுற்றிப் போய், விளிம்பைத் தாண்டி அரை மி.மீ. கீழேயும் படிந்தது. அளவைத் திருப்பி லென்ஸில் பார்த்தால் விளிம்புக்கு வெளியே மெல்லிய பாவாடைபோல் அது தொடர்ச்சியாகத் தெரிய வேண்டும். ஓரிடத்தில் அறுந்தாலும் லேபில் இருப்பவர் ஊகிக்கத் தொடங்குவார். அது ஸ்கேனில் நடந்த அதே தவறுதான்.

மதுரை வெயிலுக்கு ஒரு குறிப்பு. புட்டி டப்பாவில் எழுதியிருக்கும் வேலை நேரம் 23 டிகிரிக்கு உரியது. ஏ.சி. சரியாக ஓடாத அறையில், மே மாதத்தில், பிசைந்து முடிக்குமுன்பே புட்டி இறுக ஆரம்பிக்கும். பாதி இறுகிய புட்டியை வாயில் அழுத்தினால் அது நெளிந்து, வெளியே வந்ததும் பழைய வடிவுக்குத் திரும்பும். அளவு பார்க்கக் குறையில்லாமல் இருக்கும். கேப் மட்டும் இறுக்கமாக வந்து பல்லில் உட்காராது. டப்பாவை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் இது தீரும். இன்னொன்று, லேட்டக்ஸ் கையுறையோடு பிசையக்கூடாது. அதிலுள்ள கந்தகம் பசையை இறுகவிடாது. விளிம்பை ஒட்டிய இடம் மட்டும் பிசுபிசுவென்று நிற்கும்.

கல் மாவு ஊற்றுவதற்கு முன் ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்லி லேபுக்குக் குறிப்பு எழுதப்பட்டது. பசையிலிருந்து வெளிவரும் வாயு அடங்குமுன் ஊற்றினால் மாதிரியின் மேல் ஊசிக் குத்துகளாக விழும். லேபில் மாதிரியை ஸ்கேன் செய்து, ஜிர்கோனியா வேகும்போது சுருங்கும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கும் சேர்த்துப் பெரிதாக அரைத்து, 1,500 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் பல மணி நேரம் வேகவைத்தார்கள். இந்த அடுப்பு நேரம்தான் ஜிர்கோனியாவைப் பொதுவாக ஒரே வருகைக்குள் அடக்கவிடாமல் செய்வது. விரைவாக வேகவைக்கும் அடுப்புகள் வந்துவிட்டன, ஆனால் எல்லா கிளினிக்கிலும் இல்லை.

இடையில் 15-ஆம் நாள், கமர்கட்டு கடித்ததில் தற்காலிக கேப் கழன்றது. மூன்று நாள் அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போயிருக்கிறார். லேப் முறையின் பலவீனம் இந்த இடைவெளி நாட்கள்தான். எதிர்ப் பல்லும் பக்கத்துப் பல்லும் காலி இடத்தை நோக்கி மெல்ல நகரும். 18-ஆம் நாள் கேப் வந்தபோது விளிம்பு சுற்றிலும் எக்ஸ்புளோரருக்குத் தடுக்கவில்லை. முன்புறத் தொடர்பு மட்டும் ஃபிளாஸ் நுழையாத அளவு இறுகியிருந்தது. கடியும் உயரம்: மெல்லிய தகடு கேப்பில் சிக்கியது, முன்னால் உள்ள 36-இல் நழுவியது. கடைசிப் பல் என்பதால் கல் மாதிரியில் அதற்குப் பின்னால் தாங்க ஒன்றுமில்லை. மாதிரி இம்மியளவு சாய்ந்தாலும் கேப்பின் உயரத்தில் அது வந்துவிடும்.

தேய்க்குமுன் காலிப்பரில் கனம் அளக்கப்பட்டது: 1.1 மி.மீ. தண்ணீரோடு நுண்ணிய வைரப் பர்ரில் தேய்த்து 0.9-இல் நிறுத்தி, மூன்று கட்ட ரப்பர்களால் கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்டது. ஜிர்கோனியாவின் கடினத்தன்மை எதிர்ப் பல்லைத் தேய்ப்பதில்லை. சொரசொரப்பாக விட்ட ஜிர்கோனியாதான் அரம்போல் வேலை செய்யும். உட்புறம் 50 மைக்ரான் அலுமினாப் பொடியால் குறைந்த அழுத்தத்தில் ஊதப்பட்டு, ரெசின் கலந்த கிளாஸ் அயனோமர் சிமெண்டால் ஒட்டப்பட்டது. முழு ரெசின் கேட்கும் அளவு ஈரமின்மையை இது கேட்பதில்லை.

46-க்கு ஒரு நாள் விடுப்பு. 37-க்கு மூன்று நாள், கூடவே வீணான ஒரு பிளாக். முதல் நாளே ஈறைப் பார்த்து, "இந்தப் பக்கம் ஒரே நாள்ல வராதும்மா" என்று சொல்லியிருந்தால் பிளாக் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். அந்த மூன்று வருகையும் இந்தப் பல்லுக்கு எப்படியும் ஆகியிருக்கும்.

ஆறு மாதம் கழித்து எடுத்த கடிநிலை எக்ஸ்ரேயில் இரண்டு கேப்பின் விளிம்பும் மூடியிருந்தன. 46-ஐச் சுற்றி ஈறில் குறையில்லை. 37-இன் பின்புறத்தில் மட்டும் புரோப் வைத்தபோது ஓரிடத்தில் ரத்தம் பொட்டு வைத்தது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளத்தின் ஆழம் 3 மி.மீ., முன்பைவிடக் கூடவில்லை. வழக்கமான பிரஷ் அந்தப் பின்பக்கத்தை எட்டவில்லை என்பதால், ஒற்றைக் குஞ்சம் வைத்த சிறு பிரஷ் கொடுக்கப்பட்டு, கண்ணாடியில் பார்த்துத் தேய்க்கக் காட்டப்பட்டது. மூன்று மாதம் கழித்து அந்த ஓரிடத்தை மட்டும் மறுபடி பார்க்க வேண்டும்.